நேர மாறிலியைக் கையால் அளப்போம்: ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, ஒரு ஸ்டாப்வாட்ச்

நேர மாறிலி τ = RC என்று பாடத்தில் படிக்கிறோம். 0.632, 0.368 என்ற இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்கிறோம். கணக்குகளில் விடை பெரும்பாலும் மில்லிவினாடியில் வருவதால், கண்ணுக்கு முன்னால் அது நடப்பதை நாம் பார்ப்பதே இல்லை. R, C இரண்டையும் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொண்டால் போதும், முழு நிகழ்வும் நிதானமாக நடக்கும். மல்டிமீட்டரில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதிக்கொள்ளலாம்.

தேவையானவை

1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி ஒன்று, 47 கிலோஓம் மின்தடை ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, டிஜிட்டல் மல்டிமீட்டர், சில கம்பிகள். மொபைல் கேமரா இருந்தால் நல்லது. ஸ்டாப்வாட்ச்சையும் மீட்டரையும் ஒரே சட்டகத்தில் வீடியோ எடுத்துவிட்டால், பிறகு நிறுத்தி நிறுத்தி அளவுகளைப் படிக்கலாம்.

முதலில் கணக்கு:

```
τ = R × C
  = 47000 × 0.001
  = 47 s
```

படி 1: சுற்றை இணைத்தல்

எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் உடலில் கழித்தல் குறியோடு ஒரு பட்டை ஓடும். அந்தப் பக்கக் கால்தான் எதிர்முனை. இதை மாற்றி இணைத்தால் மின்தேக்கி சூடாகும், உப்பும், வெடிக்கவும் கூடும். ஆகவே பேட்டரியைத் தொடும் முன் இதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள்.

மின்தேக்கியின் எதிர்முனையைப் பேட்டரியின் எதிர்முனையோடு இணையுங்கள். மின்தேக்கியின் நேர்முனையில் மின்தடையின் ஒரு காலை இணையுங்கள். மின்தடையின் மறுகாலில் ஒரு கம்பியைப் பொருத்தி, அதன் நுனியைச் சும்மா விடுங்கள். இந்த நுனிதான் நமக்கு ஸ்விட்ச். பேட்டரியின் நேர்முனையைத் தொட்டால் மின்னேற்றம், எதிர்முனையைத் தொட்டால் மின்னிறக்கம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, மின்தேக்கியின் இரு கால்களுக்கும் குறுக்கே இணையுங்கள்.

படி 2: மின்னேற்றம்

கம்பி நுனியைப் பேட்டரியின் நேர்முனையில் வைத்ததும் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்குங்கள். ஆரம்பத்தில் மீட்டர் விறுவிறுவென்று ஏறும், போகப்போக ஏற்றம் தளரும்.

ஏன் தளருகிறது? தொடக்கத்தில் மின்தேக்கியில் 0 வோல்ட். பேட்டரியின் 9 வோல்ட் முழுவதும் மின்தடையின் குறுக்கே நிற்கிறது. அப்போது மின்னோட்டம் 9 / 47000, அதாவது சுமார் 0.19 மில்லிஆம்பியர். இந்த மின்னோட்டம் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் மின்னழுத்தத்தை வினாடிக்குச் சுமார் 0.19 வோல்ட் உயர்த்தும். மின்தேக்கி 4.5 வோல்ட்டை எட்டும்போது மின்தடைக்கு மீதி 4.5 வோல்ட்தான். மின்னோட்டம் பாதி, ஏறும் வேகமும் பாதி. சேரச் சேர, சேர்க்கும் வேகமே குறைகிறது.

இங்கே ஒரு அழகான விஷயம் இருக்கிறது. தொடக்க வேகம் குறையாமல் அப்படியே இருந்திருந்தால் 9 வோல்ட்டை எட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சரியாக 47 வினாடி. நேர மாறிலியின் பொருளே இதுதான். வேகம் குறைந்துகொண்டே போவதால், 47-வது வினாடியில் நாம் 63.2 சதவீதத்தில், அதாவது 5.69 வோல்ட்டில் மட்டுமே நிற்கிறோம். 94-வது வினாடியில் 7.78, 141-ல் 8.55, 235-ல் 8.94 வோல்ட். ஐந்து நேர மாறிலிகள் கடந்தால் 99 சதவீதத்தைத் தாண்டிவிடுவதால், நடைமுறையில் "நிரம்பிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறோம்.

படி 3: மின்னிறக்கம்

நேர மாறிலியை அளக்க நான் பரிந்துரைப்பது இந்தப் பகுதியைத்தான். கம்பி நுனியை நேர்முனையிலிருந்து எடுத்து, எதிர்முனையில் வையுங்கள். இப்போது பேட்டரிக்கு வேலை இல்லை. மின்தேக்கி தன் மின்னூட்டத்தை மின்தடை வழியாக இழக்கிறது.

```
V = V₀ × e^(−t/RC)
```

இந்தச் சமன்பாட்டில் V₀ என்பது 9 வோல்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தக் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்குகிறோமோ, அந்தக் கணத்து மின்னழுத்தமே V₀. எனவே கம்பியை வைத்த நொடியிலேயே பொத்தானை அமுக்க வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். மீட்டர் 8.00 காட்டும்போது தொடங்கி, 2.94 காட்டும்போது நிறுத்துங்கள் (8 × 0.368). பிறகு 6.00-ல் தொடங்கி 2.21-ல் நிறுத்துங்கள். இரண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கினாலும் 36.8 சதவீதமாகக் குறைய ஒரே நேரம்தான். அடுக்குக்குறிச் சார்பு என்பதை எண்களில் தொட்டுப் பார்ப்பது இப்படித்தான்.

47 வினாடி வரவில்லையே?

பெரும்பாலும் வராது. இவ்வகை மின்தேக்கிகளில் பலவற்றுக்கு ±20 சதவீத வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. எனவே 38 முதல் 56 வினாடி வரை எது வந்தாலும் உங்கள் அளவீடு தவறு என்று பொருளில்லை. 52 வினாடி வந்தால், C = 52 / 47000, அதாவது சுமார் 1106 மைக்ரோஃபாரட். உடலில் அச்சிட்ட எண்ணைவிட உங்கள் அளவே அந்த மின்தேக்கியின் உண்மைக்கு நெருக்கமானது.

இன்னொரு காரணம் மீட்டரே. பல டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உள்மின்தடை 10 மெகாஓம், சிலவற்றில் 1 மெகாஓம். மின்தேக்கிக்குக் குறுக்கே இருக்கும் மீட்டர் வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் போகிறது. 1 மெகாஓம் மீட்டராக இருந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மின்னேற்றம் 8.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். 10 மெகாஓம் என்றால் 8.96 வரை போகும். நேரம் அதிகம் கிடைக்கட்டும் என்று 1 மெகாஓம் மின்தடையை மாட்டினால், 10 மெகாஓம் மீட்டரிலும் 8.2 வோல்ட்டைத் தாண்டாது. மின்தேக்கியின் உள்கசிவு அதையும் இன்னும் குறைக்கும். 47 கிலோஓம் எடுத்தது இதனால்தான்.

படி 4: ஆற்றல் கணக்கு

நிரம்பிய மின்தேக்கியில் உள்ள ஆற்றல்:

```
E = ½ C V²
  = 0.5 × 0.001 × 81
  = 0.0405 J
```

பேட்டரி கொடுத்தது எவ்வளவு? அது 9 மில்லிகூலும் மின்னூட்டத்தை 9 வோல்ட்டில் தள்ளியது. QV = 0.081 ஜூல். சரிபாதி காணவில்லை! அது மின்தடையில் வெப்பமாகிவிட்டது. மின்தேக்கிக்குள் முதலில் நுழையும் மின்னூட்டம் கிட்டத்தட்ட 0 வோல்ட்டை எதிர்த்தும், கடைசியாக நுழைவது 9 வோல்ட்டை எதிர்த்தும் போகிறது. சராசரி 4.5 வோல்ட். அந்த ½ வந்த வழி இதுவே.

மின்தடையைக் குறைத்தால் இழப்பு குறையும் என்று தோன்றலாம். 10 கிலோஓம் போட்டால் நேர மாறிலி 10 வினாடியாகும், தொடக்க மின்னோட்டம் 0.9 மில்லிஆம்பியராக உயரும். ஆனால் வெப்பமாவது அதே 0.0405 ஜூல்தான். சுருக்கமான நேரத்தில் அதே அளவு வெப்பம், அவ்வளவே.

மின்னிறக்கத்தில் V² இன்னொன்றையும் காட்டும். ஒரு நேர மாறிலி கழிந்ததும் மின்னழுத்தம் 37 சதவீதம் மிச்சமிருக்கிறது. ஆற்றலோ 0.368-இன் வர்க்கம், அதாவது 13.5 சதவீதம்தான். மீட்டரில் இன்னும் 3.31 வோல்ட் தெரியும்போதே, சேர்த்த 40.5 மில்லிஜூலில் 35 தீர்ந்துபோயிருக்கும்.