கர்ப்பத்துக்கு முன் ரூபெல்லா, சின்னம்மை ஊசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகப்பேறு மருத்துவத்துக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்களோடு புறநோயாளிப் பிரிவில் உட்காரும்போது, எங்கள் காலத்தில் நடந்த அதே குளறுபடிகள் மறுபடி நடப்பதைப் பார்க்கிறேன். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசிகளைப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"சின்ன வயதில் அம்மை வந்துவிட்டது" என்று நம்பி விடுவது

சின்னம்மை விஷயத்தில் இந்தப் பதிலை ஓரளவு நம்பலாம். நீர் கோத்த கொப்புளங்கள், கடுமையான அரிப்பு, சில கொப்புளம் காய்ந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதிதாகச் சில, ஆறிய பிறகு ஒன்றிரண்டு குழித் தழும்பு. இப்படி அம்மா தெளிவாகச் சொன்னால் அது சின்னம்மைதான். நினைவில்லை என்றால், முன்பு வந்த நோயோ போட்ட ஊசியோ ரத்தத்தில் விட்டுச்செல்லும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஜியைப் பார்த்துவிடலாம். குளிர்ந்த நாடுகளில் பள்ளிப் பருவத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் சின்னம்மை வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அது வராமலேயே பெரியவர்களாகி விடுபவர்கள் அதிகம்.

ரூபெல்லாவுக்கு நினைவு எந்த உதவியும் செய்யாது. லேசான காய்ச்சல், மூன்று நாளில் மறையும் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டு, அவ்வளவுதான். பாதிப் பேர் வரை தடிப்பே வராமல் போகலாம். வீட்டில் "அம்மை போட்டிருந்தது" என்று சொல்வது தட்டம்மையாகவும் இருக்கலாம், வேறு ஏதோ வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதனால் இதற்கு இரண்டே ஆதாரங்கள்: தடுப்பூசி அட்டை, அல்லது ஐஜிஜி ரிப்போர்ட்.

தடுப்பூசி பற்றியும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது 2017 பிப்ரவரியில். 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அதாவது 2002 தொடக்கத்துக்கு முன்பு பிறந்தவர்கள் அந்த முகாமில் வரவில்லை. அவர்கள்தான் இன்று குழந்தைக்குத் திட்டமிடும் வயதில் இருக்கிறார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியைச் சிறுவயதில் தனியாரிடம் போட்டிருந்தால் ஒழிய, போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகாம் வயதில் இருந்தவர்களிலும், அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியைப் பார்த்துப் பெற்றோர் தடுத்த வீடுகள் உண்டு.

டார்ச் பரிசோதனை எழுதுவது

நமக்குத் தெரிய வேண்டியது ரூபெல்லா ஐஜிஜி, சின்னம்மை ஐஜிஜி, இரண்டு மட்டும். அதற்குப் பதிலாக, கருவைப் பாதிக்கும் பல தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் டார்ச் என்ற முழுத் தொகுப்பையும் எழுதினால், நோய் அறிகுறியே இல்லாத பெண்ணுக்குப் புதிய தொற்றைக் காட்டும் ஐஜிஎம்மும் சேர்ந்து வந்துவிடும். அறிகுறி இல்லாதவர்களுக்கு வரும் ஐஜிஎம் 'பாசிட்டிவ்' பல நேரம் பொய்யானது. இன்னொரு பக்கம், ஐஜிஜி 'பாசிட்டிவ்' என்பதைத் தடித்த எழுத்தில் பார்த்ததும் நோய் வந்துவிட்டதாக நினைத்து அழுகிறார்கள். அதற்குப் பொருள் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஊசி வேண்டாம் என்பதுதான். நெகட்டிவ் என்றால்தான் நமக்கு வேலை.

பரிசோதனைக்குச் செலவழிக்க முடியவில்லை, அட்டையும் இல்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நேரே ஊசி போட்டுவிடலாம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவர் எம்எம்ஆர் போட்டுக்கொள்வதால் கெடுதல் எதுவும் வராது.

இரண்டு ஊசிக்கும் ஒரு வாரம் இடைவெளி விடுவது

"இன்றைக்கு எம்எம்ஆர் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் சின்னம்மைக்கு வாருங்கள்." இதைக் கேட்காத மாதம் இல்லை. இரண்டுமே உயிருள்ள, வலுவிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் ஊசிகள். இவற்றை ஒரே நாளில் இரண்டு கைகளில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் இடைவெளி வேண்டும். நடுவில் போட்டால் இரண்டாவதாகப் போட்ட ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதைத் திரும்பப் போட வேண்டும்.

சின்னம்மை ஊசி பெரியவர்களுக்கு 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு தவணை. ரூபெல்லாவுக்கு ஒரு தவணை எம்எம்ஆர் போதும். ஆகவே ஜூன் 2 அன்று இரண்டு ஊசியும் போட்டால், ஜூன் 30 அன்று சின்னம்மையின் இரண்டாம் தவணை. கடைசி ஊசிக்குப் பின் 28 நாள் கர்ப்பமாகாமல் இருக்க வேண்டும், அதனால் அதிலிருந்து 28 நாள் தள்ளினால் ஜூலை 28. மொத்தத்தில் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. பல பேர் முதல் தவணையிலிருந்தே எண்ணிவிடுகிறார்கள். எண்ணிக்கை கடைசி ஊசியிலிருந்து தொடங்க வேண்டும்.

'மூன்று மாதம் காத்திருங்கள்' என்றும் சிலர் சொல்வார்கள். எம்எம்ஆருக்கு ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2001-ல் அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு அதை 28 நாளாகக் குறைத்தது. சின்னம்மை ஊசிக்கும் அதே குழு சொல்வது ஒரு மாதம். ஆனால் ஊசியோடு வரும் துண்டுச் சீட்டில் சில கம்பெனிகள் மூன்று மாதம் என்றே போடுகின்றன. உங்கள் டாக்டர் அதைப் பின்பற்றினால் அது தவறு என்று சொல்ல மாட்டேன். 38 வயதில், கருமுட்டை இருப்பு குறைவாக உள்ள பெண்ணுக்கு மட்டும் அந்தக் கூடுதல் இரண்டு மாதம் பெரிய விலை. அங்கே கேள்வி கேளுங்கள்.

ஊசிக்குப் பின் உடனே கர்ப்பம் என்றதும் கலைக்கச் சொல்வது

இத்தனை வருடம் ஆகியும் எனக்குக் கோபம் வரும் தவறு இதுதான்.

31 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை, இரண்டு வருடமாகக் குழந்தைக்குக் காத்திருந்தவர். மாதவிலக்கு தொடங்கியது மே 29. ஐந்தாம் நாள், ஜூன் 2 அன்று, எம்எம்ஆரும் சின்னம்மை முதல் தவணையும் போட்டிருக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் காத்திருப்புப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஜூலை 10 அன்று ஸ்கேனில் '6 வாரக் கர்ப்பம்' என்று வந்தது. அதைப் பார்த்த டாக்டர் பின்னோக்கி எண்ணி, "ஊசி போட்டபோதே நீங்கள் கர்ப்பமாக இருந்திருக்கிறீர்கள், குழந்தைக்கு ஊனம் வரும், மாத்திரை போட்டுக் கலைத்துவிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாத்திரைச் சீட்டோடுதான் என்னிடம் வந்தார்கள். கணவர் பேசவே இல்லை. அந்தப் பெண் மட்டும், "மேடம், நானே ஊசி போட்டு நானே கெடுத்துக்கிட்டேனா?" என்று கேட்டார்.

முதலில் கணக்கைச் சரி செய்ய வேண்டும். கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். மே 29-லிருந்து ஜூலை 10 வரை 42 நாள், அதனால் 6 வாரம். கரு உண்டானதோ மாதவிலக்கு தொடங்கி இரண்டு வாரம் கழித்து, ஜூன் 12 வாக்கில். ஊசிக்கும் அதற்கும் நடுவே பத்து நாள் இருக்கிறது. 28 நாள் முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ஊசி போட்ட அன்று கரு இருக்கவே இல்லை.

அடுத்து, அந்த 28 நாள் எதற்கு? ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸ் சில நாள் ரத்தத்தில் சுற்றக்கூடும், அந்த நேரத்தில் கரு இல்லாமல் இருப்பது நல்லது என்ற முன்னெச்சரிக்கை. உண்மையான ரூபெல்லா நோய் முதல் 10 வாரத்தில் வந்தால் பத்தில் ஒன்பது கரு பாதிக்கப்படலாம். கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் குறை எல்லாம் அதில் வருகின்றன. இந்தப் பயத்தைத்தான் ஊசியின் மேல் ஏற்றி விடுகிறார்கள். ஊசியின் கதை வேறு. தெரியாமல் கர்ப்பத்தை ஒட்டி ரூபெல்லா ஊசி போட்டுக்கொண்ட பெண்களை அமெரிக்காவில் 1971 முதல் 1989 வரை பதிவு செய்து தொடர்ந்து பார்த்தார்கள். பிறகு பிரேசில் போன்ற நாடுகளில் பெரியவர்களுக்கு முகாம் நடத்தியபோது ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்தார்கள். ஊசியால் பிறவி ரூபெல்லா வந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. சின்னம்மை ஊசிக்கும் 1995 முதல் 2013 வரை இப்படி ஒரு பதிவேடு இருந்தது. அதிலும் பிறவி சின்னம்மைக் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. ஊசி போட்டதைக் காரணம் காட்டிக் கலைக்கச் சொல்ல எந்த நெறிமுறையிலும் இடமில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஊசித் தேதியைக் கர்ப்ப அட்டையில் எழுதினோம். 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், எல்லோருக்கும் செய்வதுதான். சின்னம்மை இரண்டாம் தவணையைப் பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தோம். ரூபெல்லா ஐஜிஎம் எடுக்க வேண்டாம் என்று அட்டையிலேயே எழுதிவைத்தேன். ஊசியாலேயே அது பாசிட்டிவ் ஆகும், இன்னொருவர் அதைப் பார்த்து மறுபடி கலைக்கச் சொல்வார். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள். இதே நிலையில் என்னிடம் வருவதற்கு முன்பே கலைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது: மாதவிலக்கு தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஊசி போடுங்கள், அப்போது கர்ப்பம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அன்றைக்கே ஆணுறையைப் பற்றிப் பேசுங்கள். 'இந்தத் தேதி வரை' என்று நாளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். 'ஒரு மாதம்' என்று வாயால் சொன்னால் வீட்டுக்குப் போவதற்குள் அது வேறு ஏதோ ஆகிவிடும்.

ஊசி பிடித்ததா என்று மறுபடி ரத்தம் எடுப்பது

தேவையில்லை. ஊசிக்குப் பின்னான சின்னம்மை எதிர்ப்புச் சக்தியைச் சாதாரணப் பரிசோதனைகள் பல நேரம் காட்டாது.

மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லாமல் விடுவது

ஊசிக்கு முன் சொல்லியே ஆக வேண்டும். இவை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், எடுப்பவர்களுக்கு இந்த உயிருள்ள ஊசிகள் ஆபத்தாகலாம்.

அம்மா கர்ப்பம் என்று மூத்த பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போடுவது

வேண்டாம். பிள்ளைக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தேதி தவறாமல் போடுங்கள். அது அம்மாவுக்குத் தொற்றாது. போடாத பிள்ளைதான் நோயை வீட்டுக்குக் கொண்டுவரும்.

முதல் கர்ப்பத்தில் நெகட்டிவ் வந்ததைப் பிரசவத்தோடு மறந்துவிடுவது

கர்ப்பத்தில் பரிசோதித்து ஐஜிஜி நெகட்டிவ் என்று தெரிந்தால் அப்போது ஊசி போட முடியாது. காய்ச்சலோடு தடிப்பு உள்ளவர்களிடம் போக வேண்டாம் என்று சொல்லலாம். சின்னம்மை வந்தவரோடு பழகிவிட்டால் பத்து நாளுக்குள், தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் போட வாய்ப்பு இருக்கிறது, அதனால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குச் சின்னம்மை வந்தால், பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே எம்எம்ஆரும் சின்னம்மை முதல் தவணையும் போட்டுவிடலாம், தாய்ப்பால் கொடுப்பது தடையில்லை. அரசின் வழக்கமான அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லாததால் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டாம் தவணைத் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் ஆறாம் வார ஊசிக்கு வரும் அன்றைக்கே அம்மாவின் இரண்டாம் தவணையையும் போட்டுக்கொள்ளலாம்.