கேட்லாக் சோபாவை அறைக்குள் வைக்கும்போது எங்கே சறுக்குகிறது

சோபாக் கடைக்காரர், நான் ஏஐ மாடலில் உருவாக்கிய படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தம்பி, சோபா நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம சோபா இல்லையே" என்றார். அவர் சொன்னது சரிதான். தேக்குச் சட்டம் வந்திருந்தது, பச்சை மெத்தையும் வந்திருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் பிரம்பு பின்னிய கைப்பிடிகள் இருக்க வேண்டிய இடத்தில், உப்பலான துணிக் கைப்பிடிகள் இருந்தன. நான் கொடுத்த ரெஃபரன்ஸ் படத்தில் பிரம்பு பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் ஏன் வரவில்லை?

வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தின் படத்தில் பழைய சோபாவை எடுத்துவிட்டு, கடையின் சோபாவை வைத்துக் காட்டுவதுதான் வேலை. படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி வரையும் எஸ்டிஎக்ஸ்எல் இன்பெயின்ட் மாடலோடு, ரெஃபரன்ஸ் படத்தை அதற்குக் காட்டும் ஐபி-அடாப்டரின் பிளஸ் வகையைச் சேர்த்திருந்தேன். மாஸ்க் போட்ட, அதாவது மாற்ற வேண்டும் என்று குறித்துக் கொடுத்த இடத்தை மட்டும் மாடல் புதிதாக வரையும். அங்கே என்ன வர வேண்டும் என்பதை எழுத்துக் குறிப்பும் ரெஃபரன்ஸ் படமும் சேர்ந்து சொல்லும்.

முதல் தவறு ரெஃபரன்ஸ் படத்தின் நீள அகலத்தில் இருந்தது. ஐபி-அடாப்டர் நம் படத்தை அப்படியே பார்ப்பதில்லை. அதற்கு முன்னால், படத்தை எண்களாக மாற்றும் கிளிப் என்கோடர் இருக்கிறது. அதற்குப் போகும் படம், குட்டையான பக்கம் 224 பிக்சல் ஆகும்படி சுருக்கப்பட்டு, நடுவில் 224-க்கு 224 சதுரமாக வெட்டப்படுகிறது. என் கேட்லாக் படம் 1600-க்கு 800. சுருங்கியதும் 448-க்கு 224 ஆகிறது. நடுச் சதுரத்தை எடுத்தால் இரு பக்கமும் 112 பிக்சல் போய்விடும், அதாவது மூலப் படத்தில் பக்கத்துக்கு 400 பிக்சல். சோபா அதில் 1400 பிக்சல் அகலம். ஓரத்தில் 100 பிக்சல்தான் காலி இடம். ஆக, சோபாவிலேயே பக்கத்துக்கு 300 பிக்சல் காணாமல் போனது. கைப்பிடிகள் அங்கேதான் இருந்தன. மாடல் அவற்றைப் பார்க்கவே இல்லை, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு கைப்பிடியை வரைந்து வைத்தது. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் எரிச்சல்.

இதற்குத் தீர்வு, பின்னணியை நீக்கிய சோபாவை நாமே சதுரத்துக்குள் வைத்துக் கொடுப்பது:

```python
from PIL import Image
ref = Image.open("sofa.png").convert("RGBA")
n = max(ref.size)
box = Image.new("RGB", (n, n), (200, 190, 178))
box.paste(ref, ((n - ref.width)//2, (n - ref.height)//2), ref)
box.save("sofa_square.png")
```

நிரப்பிய நிறத்தைக் கவனித்திருப்பீர்கள். தூய வெள்ளை வைத்தால் ஸ்டுடியோ வெளிச்சமும் ரெஃபரன்ஸின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சோபாவைச் சுற்றி வெளிறிய தரை வருகிறது. அந்த அறையின் சுவர் நிறத்துக்கு நெருக்கமாக ஒன்றை எடுப்பது என் வழக்கம்.

கைப்பிடிகள் வந்துவிட்டன. ஆனால் பிரம்பு பின்னல் குழம்பிப் போயிருந்தது. இது நான் செய்த தவறு இல்லை, அந்தக் கருவியின் எல்லை. 1600 பிக்சல் 224 ஆகும்போது, 10 பிக்சல் அகலப் பிரம்பு ஒன்றரை பிக்சல்கூட இருக்காது. அதற்கு மேல், பிளஸ் வகையில் முழுப் படமும் 16 டோக்கன்களாக, அதாவது 16 எண் தொகுப்புகளாகச் சுருங்குகிறது. சாதாரண வகையில் வெறும் நான்கு. அதில் நிறம், துணி வகை, பொதுவான உருவம் எல்லாம் அடங்கும். எத்தனை பின்னல், எத்தனை பொத்தான் என்ற கணக்கு அடங்காது. கைப்பிடியை மட்டும் நெருங்கி எடுத்த இன்னொரு படத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு உதவுகிறது. ஆனால் முதுகுச் சாய்மானத்திலும் பிரம்பு முளைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டு முறை முளைத்தது.

அடுத்தது மாஸ்க். பழைய சோபாவின் விளிம்பை அச்சு அசலாகப் பிடித்து மாஸ்க் போட்டேன். துல்லியமாகச் செய்கிறோம் என்ற பெருமை வேறு. விளைவு, புதுச் சோபா பழைய சோபாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது: அதே உயரம், அதே உருண்ட தோள். மாஸ்க்கின் விளிம்பும் மாடலுக்கு ஒரு கட்டளைதான். பழைய சோபாவின் நிழல் மாஸ்க்குக்கு வெளியே தரையில் மிச்சம் இருந்தால் அது இன்னும் மோசம். அந்த நிழலுக்குப் பொருந்தும்படி ஒரு உருவத்தை மாடல் தேடிக் கண்டுபிடிக்கும். தாராளமான செவ்வகமாக, நிழல் விழும் தரையையும் சேர்த்து மூடுவதே நல்லது.

செவ்வகம் எவ்வளவு அகலம் என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். அந்தக் கூடத்தில் இரண்டடி டைல் போட்டிருந்தது. சோபா ஏழு அடி. முன்கால்கள் நிற்கப்போகும் வரிசையில் மூன்றரை டைல் அகலத்தை அளந்து, ஓரத்துக்குக் கொஞ்சம் சேர்த்தேன். பின்சுவரை ஒட்டிய வரிசையில் அளந்தால் டைல் சிறிதாகத் தெரியும். சோபாவும் குழந்தைகள் நாற்காலி போல ஆகிவிடும். மாஸ்க் படத்தில் சின்ன இடமாக இருந்தால், டிஃப்யூசர்ஸ் நிரலில் `padding_mask_crop=32` கொடுங்கள். மாஸ்க்கைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வரைந்து, திரும்பப் பொருத்தும். இல்லாவிட்டால் 300 பிக்சல் அகலச் சோபாவுக்கு மாடலின் உள்கட்டத்தில் 37 கட்டம்தான் கிடைக்கும், ஏனென்றால் எட்டு பிக்சலுக்கு ஒரு கட்டம். பழையதை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `strength` 0.99 இருக்கட்டும், இந்த மாடலில் சரியாக 1 வைத்தால் தரம் குறைகிறது.

"ரெஃபரன்ஸ் மாதிரியே வரணும்" என்று ஐபி-அடாப்டரின் தாக்க அளவை 1.0-க்கு ஏற்றுவதும் அடிக்கடி நடப்பது. அப்போது வடிவம் மட்டுமல்ல, கேட்லாக்கின் கோணமும் சேர்ந்து ஏறுகிறது. கூடத்தை மூலையிலிருந்து எடுத்திருந்தாலும் சோபா நேராகக் கேமராவைப் பார்த்து உட்காரும். நான் 0.6-இல் தொடங்குகிறேன். கடையில் போய் அறைப் படத்தின் கோணத்திலேயே சோபாவை ஒரு படம் எடுத்துக்கொள்வது, எண்களோடு மல்லுக்கட்டுவதைவிட எளிது. எழுத்துக் குறிப்பில் "நவீன சொகுசுச் சோபா" என்றெல்லாம் அலங்காரம் வேண்டாம். தேக்குச் சட்டம், பிரம்புக் கைப்பிடி, பச்சைப் பருத்தி மெத்தை என்று கண்ணில் படுவதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

தவறு எங்கே என்று தெரியாதபோது, வேறு எதையும் மாற்றாமல், தொடக்கத் தற்செயல் எண்ணான சீட் மட்டும் மாற்றி நான்கு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே தவறு என்றால், மாடலுக்கு நாம்தான் தவறாகச் சொல்லியிருக்கிறோம்: வெட்டுப்பட்ட ரெஃபரன்ஸ், பழைய விளிம்பு மாஸ்க், முரண்படும் குறிப்பு இப்படி ஏதாவது. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தவறு என்றால், அந்தத் தகவல் போய்ச் சேரவே இல்லை. என் நான்கு படங்களிலும் கைப்பிடி வடிவம் ஒன்றாக இருந்தது. பின்னல் மட்டும் நான்கு விதம். இனி சீட் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை என்று புரிந்தது.

கடைசியில் கடைக்குப் போய் அதே கோணத்தில் எடுத்த நிஜச் சோபாவை வெட்டி, அறைப் படத்தில் நேரடியாக ஒட்டினேன். அடியிலுள்ள தரைக்கும் சுவரோரத்துக்கும் மட்டும் மாஸ்க் போட்டு, நிழலை மாடலிடம் விட்டேன். பிரம்பை அது தொடவே இல்லை. கடைக்காரர் கைப்பிடியைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நம்மது" என்றவர், மெத்தையின் பச்சை கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று அடுத்ததை ஆரம்பித்தார்.