போட்டோவில் தர்பூசணி: மஞ்சளை நம்பி ஏமாற வேண்டாம்

மாசி, பங்குனியில் தோட்டத்துக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தர்பூசணிப் படங்களைப் பார்த்தே விலை பேசி முடிப்பவர்கள் உண்டு. தட்டிப் பார்க்க வழியில்லாதபோது, கொடியில் கிடக்கும் காயின் படத்தில் கண் மூன்று இடங்களைத் தேடும்: அடிப்பக்கம் மண்ணில் பட்ட திட்டு, தோலின் பளபளப்பு, காம்பை ஒட்டிக் கொடியில் முளைக்கும் சுருள் கம்பி. மூன்றுமே நல்ல அடையாளம்தான். படம் எடுக்கும் விதத்தில்தான் கோளாறு வருகிறது.

பெரிய தவறு திட்டின் நிறத்தில் நடக்கிறது. வெள்ளையோ வெளிர்பச்சையோ என்றால் பிஞ்சு, வெண்ணெய் நிறத்துக்கு மஞ்சளித்தால் பழுத்தது. ஆனால் செட்டிநாட்டுச் செம்மண்ணில் கிடந்த காயில் மண் கறை ஏறி, வெள்ளைத் திட்டும் மஞ்சளாகத் தெரியும். சாயங்கால வெயிலும் மஞ்சள் தார்ப்பாயும் இன்னும் கொஞ்சம் மஞ்சளைப் பூசிவிடும்.

தேவகோட்டைக் கல்யாண வீடு ஒன்றுக்காக வந்த படம் இப்படித்தான். "அண்ணே, நல்லா மஞ்சப் பட்டுப்போச்சு, அறுத்துரலாமா?" என்றார் அனுப்பியவர். படத்தின் ஓரத்தில் அவருடைய வெள்ளை வேட்டியும் விழுந்திருந்தது, அதுவும் மஞ்சளாக! பத்து மணி வாக்கில், ஈரத்துணியால் திட்டைத் துடைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னோம். தாள் வெள்ளையாக வந்தது, திட்டு வெளிர்பச்சையாக வந்தது. அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கொடியிலிருந்து அறுத்த தர்பூசணியை வைத்திருந்தாலும் இனிப்பு ஏறாது. மண்ணை மூடி விரிக்கும் மல்ச்சிங் ஷீட் மேல் விளைந்த காயில் திட்டு பழுத்த பிறகும் வெளிறியே நிற்கலாம் என்பதால், அங்கே திட்டை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

பளபளப்பு விஷயம் எளிது. பழுக்கப் பழுக்கத் தோல் மினுமினுப்பு குறைந்து மங்கும். பிளாஷ் போட்டாலோ, தண்ணீர் தெளித்து எடுத்தாலோ பழுத்ததும் பிஞ்சு போல மின்னும். கடைக்காரர் துடைத்து அடுக்கிய பழத்தை வைத்துப் பேசவே வேண்டாம்.

சுருள் கம்பியில் பலர் பார்ப்பது வேறு கணுவில் இருப்பதை. காயின் காம்பு கொடியில் முளைக்கும் அதே கணுவில் உள்ள கம்பி காய்ந்து பழுப்பானால்தான் கணக்கு. தூரத்துக் கம்பி காய்ந்திருப்பதற்கு அர்த்தமில்லை. அந்தக் கணு தெரிகிற மாதிரி கிட்டப் போய் ஒரு படம் தனியாகக் கேளுங்கள். கூடவே கொடி முழுவதும் தெரியும் படம் ஒன்றும் வேண்டும். இலைகள் வாடியோ கருகியோ இருந்தால், கம்பியைக் காய வைத்தது தண்ணீர்ப் பஞ்சமாகவோ நோயாகவோ இருக்கலாம். உள்ளே காய் இன்னும் வெளிர் ரோஸ் நிறத்திலேயே கிடக்கலாம். தேவகோட்டைக்கு வந்த படத்தில் கொடி பச்சையாக இருந்தது, கம்பி நுனி மட்டும் காய்ந்து அடிப்பகுதி பச்சையாக நின்றது. அடிவரை காயட்டும், அதற்குப் பிறகு படம் அனுப்புங்கள் என்றோம்.