குறட்டை நின்றால் போதுமா? தாடையை முன்னே நகர்த்தும் கருவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறட்டைக்காகப் பல் மருத்துவர் செய்து தரும் கருவி பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். மேல்வரிசைப் பற்களில் ஓர் உறை, கீழ்வரிசையில் ஓர் உறை. இரண்டையும் இணைக்கும் திருகோ பட்டையோ கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து வைத்திருக்கும். தாடை முன்னே வந்தால் அதோடு சேர்ந்த நாக்கின் அடிப்பகுதியும் முன்னே வரும். உள்நாக்குக்குப் பின்னால் தொண்டையின் பக்கச்சுவர்களும் இழுபட்டு, காற்றுப்பாதை அகலமாகும். தூக்கத்தில் தசைகள் தளர்ந்து இந்தப் பாதை குறுகி அதிரும்போது வருவதுதான் குறட்டை. அதே பாதை முழுவதுமாகவோ பெருமளவோ அடைபட்டு மூச்சு தடைபட்டால் அது ஸ்லீப் அப்னியா.

குறட்டையும் அப்னியாவும் ஒரே இடத்தில் பிறந்தாலும் ஒன்றின் அளவை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது. இந்தக் கருவி தொடர்பாக நடக்கும் தவறுகளில் பெரியது இங்கேதான் தொடங்குகிறது. சத்தத்தைக் கொண்டே நோயை அளக்கிறோம். பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டைக்காரருக்கு அப்னியா இல்லாமல் இருக்கலாம். மெதுவாகக் குறட்டை விடுபவருக்கு மணிக்கு முப்பது முறை மூச்சு தடைபடலாம். ஸ்லீப் ஸ்டடி எனும் தூக்கப் பரிசோதனை செய்யாமல் இது தெரியாது. அந்தப் பரிசோதனை அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதன் கணக்கு அது. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது.

பரிசோதனை இல்லாமல் கருவி செய்துகொள்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிலருக்குத் தொண்டை அடைபடுவதில்லை. மூச்சு விடச் சொல்லும் கட்டளையே மூளையிலிருந்து சரியாக வருவதில்லை. அவர்களின் தாடையை எவ்வளவு முன்னே இழுத்தாலும் பயன் கிடையாது. அதேபோல் ஏ.எச்.ஐ. மிக அதிகமாக உள்ளவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் இயந்திரம்தான் முதல் தேர்வு. எண்ணைக் குறைப்பதில் அது இந்தக் கருவியைவிட வலுவானது. ஆனால் சிபாப்பை மாட்டிக்கொண்டு தூங்கவே முடியாதவர்கள் நிறையப் பேர். மேசையில் உட்கார்ந்திருக்கும் இயந்திரம் யாருக்கும் மூச்சு கொடுக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு வாய்க் கருவி முறையான மாற்று. அமெரிக்காவின் தூக்க மருத்துவர்கள் சங்கமும் தூக்கப் பல் மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. அதே வழிகாட்டி, கருவியை மாட்டிய பிறகு மறுபடியும் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. நடைமுறையில் அதிகம் கைவிடப்படும் அறிவுரை இதுதான்.

அது ஏன் தேவை என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 48 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பகலில் கண் சொருகுகிறது, இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ஏ.எச்.ஐ. 22. சிபாப் முயன்றார், ஒத்துவரவில்லை. பல் மருத்துவர் அவருடைய கீழ்த்தாடை எவ்வளவு பின்னே போகிறது, எவ்வளவு முன்னே வருகிறது என்று அளக்கிறார். மொத்தம் 10 மில்லிமீட்டர். அதில் பாதி தூரமான 5 மில்லிமீட்டரில் கருவியைத் தொடங்குகிறார். தாடை பழகியதும் வாரத்துக்கு அரை மில்லிமீட்டராகத் திருகை நகர்த்தி, நான்கு வாரத்தில் 7-க்கு வருகிறார்கள். குறட்டை நின்றுவிட்டது. மனைவி நிம்மதியாகத் தூங்குகிறார். பெரும்பாலான வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

இவருக்குக் கருவியை வாயில் வைத்தபடியே மறுபரிசோதனை செய்கிறார்கள். ஏ.எச்.ஐ. 11. பாதியாகியிருக்கிறது, ஆனாலும் நோய் இருக்கிறது. அறிக்கையை இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், மல்லாந்து படுக்கும்போது 19, ஒருக்களித்துப் படுக்கும்போது 5. அதாவது சத்தம் போய், அடைப்பில் ஒரு பகுதி சத்தமில்லாமல் தங்கிவிட்டது. திருகை மெல்ல 8 வரை கொண்டுபோகிறார்கள். காலையில் காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி வருகிறது. 7.5-க்குத் திரும்புகிறார்கள், வலி அடங்குகிறது. கூடவே முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கப் பழகுகிறார். அடுத்த பரிசோதனையில் 6. ஆக்சிஜன் இறங்கவில்லை, பகல் தூக்கம் இல்லை. தூக்க மருத்துவரும் அவரும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவது பரிசோதனை இல்லாதிருந்தால், மல்லாந்து படுக்கும் நேரமெல்லாம் மணிக்கு 19 தடையோடு "எனக்குக் குணமாகிவிட்டது" என்ற நம்பிக்கையில் வண்டி ஓட்டியிருப்பார்.

எல்லோருக்கும் இப்படிப் பலன் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். தோராயமாக மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் ஏறக்குறைய முழுவதும் கட்டுக்குள் வரும், இன்னொரு பங்கினருக்குக் கணிசமாகக் குறையும், மீதிப் பேருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காது. உடல் பருமன் அதிகமில்லாதவர்கள், கழுத்துச் சுற்றளவு குறைவானவர்கள், மல்லாந்து படுத்தால் மட்டும் மோசமாகிறவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். மூக்கடைப்பு இருந்தால் பலன் குறையும். அதை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்வது நல்லது.

அடுத்த தவறு, பற்களைப் பார்க்காமல் தாடையைப் பார்ப்பது. இரவு முழுக்க தாடை பின்னே போக முயலும். அந்த விசை முழுவதையும் தாங்குபவை பற்களும் ஈறுகளும்தான். அதனால் ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்து உறுதியான பற்களாவது வேண்டும். ஈறு நோயால் பல் ஆடுகிறதென்றால், கருவி அதை இன்னும் ஆட்டிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் ஈறு நோய் அதிகம் என்பதால் அவர்களுக்கு ஈறு பரிசோதனை கட்டாயம். முழுப் பல் செட் போட்டவர்களுக்குக் கருவி பிடித்து நிற்க இடமே இல்லை. தாடை மூட்டில் ஏற்கெனவே வலி, வாய் திறக்கும்போது மாட்டிக்கொள்வது போன்ற தொல்லை இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். நம் ஊரில் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாக்கு, குட்கா பழக்கம். அவற்றால் வாயின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவெடுப்பதே கடினம். கருவியை மாட்டிக் கழற்றுவது அதைவிடக் கடினம்.

சொத்தை அடைப்பது, கேப் போடுவது, கம்பி கட்டிப் பல் வரிசையைச் சீராக்குவது எல்லாவற்றையும் கருவிக்கு அளவெடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். கருவி பற்களின் அப்போதைய வடிவத்துக்குச் செய்யப்படுவது. பிறகு ஒரு கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டாலும் உறை உட்காராது. வேறு வழியில்லாமல் பின்னால் போட நேர்ந்தால், கருவியையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இணையத்தில் வாங்கி, வெந்நீரில் போட்டு, கடித்து வடிவமாக்கும் கருவிகளைப் பற்றி என் கருத்து தெளிவானது: அப்னியா உள்ளவர்கள் அதை நம்பக் கூடாது. பல்லில் இறுக்கமாக நிற்பதில்லை, இரவில் கழன்றுவிடும். பெரும்பாலானவற்றில் தாடையைச் சிறிது சிறிதாக முன்னேற்ற வழியும் இல்லை. அது பலன் தரவில்லை என்றால், வாய்க் கருவியே தனக்குச் சரிவராது என்று ஒருவர் முடிவுகட்டிவிடுகிறார். நல்ல சிகிச்சை ஒன்று அப்படிக் கை நழுவிப்போவதுதான் எனக்கு வருத்தம்.

பக்க விளைவுகளில் இரண்டு விதம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதும் ஒரு தவறு. முதல் சில வாரங்களில் எச்சில் அதிகம் ஊறும் அல்லது வாய் உலரும், முன்பற்கள் கூசும், காலையில் தாடைத் தசை பிடித்துக்கொள்ளும். இவை பெரும்பாலும் தானே அடங்கும். அடங்கும் முன்பே சிலர் "சீக்கிரம் பலன் வேண்டும்" என்று திருகை ஒரே வாரத்தில் கடைசி வரை தள்ளி, மூட்டு வலியை வாங்கிக்கொண்டு, கருவியை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். வலித்தால் ஓரிரு படி பின்னே போய், சில நாள் அங்கேயே நிற்க வேண்டும்.

மற்றது மெல்ல வருவது. கருவி ஆண்டுக்கணக்கில் மேல் முன்பற்களை உள்ளேயும் கீழ் முன்பற்களை வெளியேயும் மிக மெதுவாகத் தள்ளுகிறது. மேல்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் நிற்கும் இடைவெளி சில ஆண்டுகளில் ஒரு மில்லிமீட்டர் வாக்கில் குறையலாம், பயன்பாடு தொடரத் தொடர இன்னும் குறையலாம். கடைவாய்ப் பற்கள் முன்போல் மோதாமல் போகலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை. கருவியை நிறுத்தினாலும் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மேல்பல் துருத்தியிருப்பவருக்கு இந்த மாற்றத்தால் கெடுதல் குறைவு. ஏற்கெனவே கீழ்ப்பல் முன்னால் நிற்பவருக்கு அது கூடுதல் சிக்கல். தொடங்கும் முன்பே மருத்துவர் இதைச் சொல்ல வேண்டும். பல்லின் அச்சும் படமும் எடுத்து வைத்திருக்க வேண்டும். பின்னால் ஒப்பிட அவை மட்டுமே ஆதாரம்.

காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் சேராமல் இருப்பது இயல்பு. அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு. மருத்துவர் தரும் சிறிய கடிப்பானைக் கடித்தோ, சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றோ தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பில் தாள் போன்ற மெல்லிய காகிதத் துண்டைக் கடைவாயில் கடித்து இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் பற்கள் சேர்ந்துவிட்டன. மதியம் வரை தாள் நழுவிக்கொண்டே இருந்தால், அதுவும் பல நாள் தொடர்ந்தால், அடுத்த தவணை வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் தாடையை முன்னே நகர்த்தும் அளவைக் குறைக்கலாம், அல்லது சிபாப்பை மறுபடி முயலச் சொல்லலாம். பயந்துபோய் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய இரவிலிருந்தே அப்னியா திரும்பிவிடும்.

கருவியைக் கழுவக் கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். சாதாரணத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஆண்டுக்கொரு முறையாவது பல் மருத்துவரிடம் பல்லையும் கருவியையும் காட்டுங்கள். இடையில் எடை கூடினாலோ, பகல் தூக்கமோ குறட்டையோ மறுபடி எட்டிப்பார்த்தாலோ, திருகை நீங்களே முன்னே நகர்த்தாமல் தூக்க மருத்துவரிடம் போய், கருவியோடு இன்னொரு பரிசோதனை கேளுங்கள்.