கபேயின் புதிய மெனுவுக்கு உண்மையான கருத்தைக் கேட்டுப் பெறுவது எப்படி?

புதிய பானத்தின் படத்தைப் போட்டு, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, கீழே "சூப்பர்", "வேற லெவல்" என இரண்டே விடைகளைக் கொடுக்கும் பதிவுகளை அடிக்கடி காண்கிறோம். அதில் வரும் நூறு வாக்குகளும் கடைக்காரரின் மனத்தைக் குளிர்விக்குமே தவிர, பானத்தைப் பற்றி எதையும் சொல்லாது. கருப்பட்டி கோல்ட் காபியைப் புதிதாக மெனுவில் சேர்த்த ஒரு சிறிய கபே, இன்ஸ்டாகிராம் ஸ்டோரி வழியாக எப்படிக் கேட்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேள்வியை எழுதுதல்

"பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், முகம் தெரிந்த கடைக்காரரிடம் பெரும்பாலோர் "ஆம்" என்றே சொல்வார்கள், அது பொய் அல்ல, மரியாதை. ஆகவே கருத்தைக் கேட்காமல், அவர்கள் செய்ததைக் கேளுங்கள். "கருப்பட்டி கோல்ட் காபியை எந்த அளவு குடித்தீர்கள்?" என்பது கேள்வி. "முழுவதும் குடித்தேன்", "பாதியில் வைத்தேன்", "இன்னும் குடிக்கவில்லை" என்பவை விடைகள். மூன்றாவது விடையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், கடைப்பக்கமே வராதவர்களும் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

படி 2: பதிவிடுதல்

ஸ்டோரியில் படத்தைச் சேர்த்தபின், ஸ்டிக்கர் பட்டியலில் Poll என்பதைத் தேர்ந்தெடுத்துக் கேள்வியையும் விடைகளையும் உள்ளிடுங்கள். பதிவு 24 மணி நேரம் மட்டுமே இருக்கும் என்பதால், மாலைக் கூட்டம் கலைந்த பிறகு, இரவு 9 மணியளவில் போடுவது நல்லது. அன்று குடித்தவர்களுக்குச் சுவை நினைவில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் இதே வாக்கெடுப்பை நடத்த நான் பரிந்துரைப்பதில்லை. யார் எதற்கு வாக்களித்தார் என்பது அங்கே குழுவினர் அனைவருக்கும் தெரியும் என்பதால், "பாதியில் வைத்தேன்" என்பதைத் தட்டக் கை தயங்கும்.

படி 3: எண்ணிப் பார்த்தல்

தொடக்கநிலையினர் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். மொத்தம் 84 வாக்குகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம்: முழுவதும் குடித்தவர்கள் 27, பாதியில் வைத்தவர்கள் 18, குடிக்காதவர்கள் 39. திரையில் "பாதியில் வைத்தேன்" என்பதற்கு ஏறத்தாழ 21 சதவீதம் என்று தெரியும். ஐந்தில் ஒருவர்தானே என்று மனம் ஆறுதல் அடையும். ஆனால் குடிக்காத 39 பேரைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 45 பேர். அவர்களில் 18 பேர் என்றால் 40 சதவீதம். ஐந்தில் இருவர் கோப்பையை மேசையிலேயே விட்டுச் சென்றிருக்கிறார்கள். வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல் உங்களுக்குத் தெரியும் என்பதால், கடை ஊழியர்களையும் உறவினர்களையும் முதலில் நீக்கிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். (சொந்த மைத்துனரின் வாக்கை நீக்குவது சற்றுக் கடினம்தான்.)

படி 4: காரணத்தைக் கேட்டல்

மறுநாள் Questions ஸ்டிக்கரில், "பாதியில் வைத்தவர்களுக்கு மட்டும்: எந்தக் கட்டத்தில் நிறுத்தினீர்கள், அப்போது சுவை எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். வரும் பாராட்டுகளை உடனே ஸ்டோரியில் பகிராதீர்கள். அதைப் பார்ப்பவர்கள் அதே தொனியில் எழுதத் தொடங்குவார்கள். எழுதுபவரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பதால் சிலர் தயங்கக்கூடும். அவர்களுக்காக ஒரு கூகுள் படிவத்தை உருவாக்கி, அதன் அமைப்புகளில் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பை நிறுத்திவிட்டு, அதன் கியூஆர் குறியீட்டைப் பில்லில் அச்சிடலாம். பரிசு அல்லது தள்ளுபடி தருவதாக இருந்தால், என்ன எழுதினாலும் கிடைக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில்களில் சிலர் "தண்ணீர் மாதிரி இருந்தது" என்றும், வேறு சிலர் "கடைசியில் திகட்டியது" என்றும் எழுதியிருந்தால், முரண்பாடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருப்பட்டிப் பாகு குளிர்ந்த பாலைவிட அடர்த்தியானது. சரியாகக் கலக்காவிட்டால் கோப்பையின் அடியில் தங்கிவிடும். மேலே குடித்தவருக்குச் சப்பென்றும், அடிவரை போனவருக்குத் திகட்டலாகவும் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கோப்பையின் அடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படியானால் பாகின் அளவைக் குறைப்பது தவறான மருந்து. பாகைச் சூடான டிகாக்‌ஷனிலேயே கரைத்துவிட்டு, பிறகு பாலையும் ஐஸையும் சேர்க்க வேண்டும்.

படி 5: மீண்டும் கேட்டல்

செய்முறையை மாற்றி ஒரு வாரம் விற்ற பிறகு, முதல் கேள்வியையே ஒரு சொல்லும் மாற்றாமல், அதே மூன்று விடைகளுடன், அதே கிழமையில், அதே நேரத்தில் பதிவிடுங்கள். கேள்வியை மெருகேற்றினால் இரண்டு முடிவுகளையும் ஒப்பிட முடியாது. அந்த வாரம் முழுவதும் மேசை துடைக்கும் ஊழியரிடம், மீதம் வைக்கப்பட்ட கோப்பைகளை ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வாக்கெடுப்பும் அந்தத் தாளும் ஒத்துப்போகாவிட்டால், நான் தாளைத்தான் நம்புவேன்.