ராம:, ராமௌ, ராமா: – சமஸ்கிருத உருவங்களைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கும் முறை

தவணைப் பரீட்சை வினாத்தாளில் 'ராம சப்தத்தின் ஷஷ்டி ஏகவசனத்தை எழுதுக' என்று ஒரு வரி வரும்; அதாவது ராம என்ற சொல்லின் ஆறாம் வேற்றுமை ஒருமை. ராம சப்தத்தைத் தண்ணீராகப் பாடமாக்கிய பிள்ளை என்ன செய்யும்? முதல் வரியிலிருந்து உதடசைத்துச் சொல்லிக்கொண்டு வந்து, ஆறாவது வரியில் நின்று, 'ராமஸ்ய' என்று எழுதும். விடை சரிதான். ஆனால் இப்படிப் பத்துக் கேள்வி வந்தால் பத்துத் தடவை மேலேயிருந்து இறங்கி வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தடக்கினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு வரி மாறிப்போகும்.

பாடமாக்குவது தவறில்லை. சமஸ்கிருதத்தை இத்தனை தலைமுறை கற்றதே அப்படித்தான். எந்த வரியிலும் உள்ளே நுழையக் கூடிய மாதிரிப் பாடமாக்குவதற்குத்தான் கொஞ்சம் முறை வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், பின்னேரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குச் சமஸ்கிருதம் தெரிய வேண்டும் என்று இல்லை.

முதலில் வரி வரியாக

ராம என்ற பெயர்ச்சொல்லின் உருவங்கள் இவை. ஒவ்வொரு வரியிலும் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று.

1. ராம:, ராமௌ, ராமா:
2. ராமம், ராமௌ, ராமான்
3. ராமேண, ராமாப்⁴யாம், ராமை:
4. ராமாய, ராமாப்⁴யாம், ராமேப்⁴ய:
5. ராமாத், ராமாப்⁴யாம், ராமேப்⁴ய:
6. ராமஸ்ய, ராமயோ:, ராமாணாம்
7. ராமே, ராமயோ:, ராமேஷு
8. ஹே ராம, ஹே ராமௌ, ஹே ராமா:

சில புத்தகங்களில் விளி இரண்டாவது வரியாக வரும். உங்கள் ஆசிரியர் எந்த ஒழுங்கில் சொல்லித் தருகிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

வேத பாடசாலையில் குரு ஒரு தடவை சொல்ல, மாணவர் அதையே இரண்டு தடவை சொல்வார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். பெரியவர் 'ராம:, ராமௌ, ராமா:' என்று ஒரே மூச்சில் வாசிக்க, பிள்ளை இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் நாள் மூன்று வரி போதும். அடுத்த நாள் அந்த மூன்றையும் பாராமல் சொல்லிவிட்டு நாலாவதையும் ஐந்தாவதையும் சேருங்கள். மூன்றாம் நாள் மிச்சம். ஒரே இருப்பில் எட்டு வரியையும் விழுங்கும் பிள்ளைக்கு, மறுநாள் நாலாவது வரியும் ஐந்தாவது வரியும் ஒன்றோடொன்று சிக்கிவிடும். அந்த இரண்டு வரியிலும் இருமையும் பன்மையும் ஒரேமாதிரி இருப்பதுதான் காரணம்.

உண்மையில் 24 இடம் இருந்தாலும் வேறுபட்ட உருவங்கள் 17தான். இருமை நிரலை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள்: ராமௌ, ராமாப்⁴யாம், ராமயோ: என்ற மூன்றே திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழில் இருமை இல்லாததால் பிள்ளைகள் பயப்படுவது இந்த நிரலுக்குத்தான். அதுதான் ஆகச் சுகமானதும்.

விசர்க்கத்தை விழுங்காதீர்கள்

வேகமாகச் சொல்லத் தொடங்கியதும் முதலில் காணாமற்போவது அந்த இரட்டைப் புள்ளிதான். 'ராம:' என்பது 'ராம' ஆகிவிடும். அது எழுவாய் இல்லை, விளி. வாயில் போனது தாளிலும் போகும். ஆகவே தொடக்கத்திலேயே புள்ளிக்கு முன்னுள்ள உயிரின் எதிரொலியோடு சொல்லிப் பழகுங்கள்: ராமஹ, ராமாஹா, ராமைஹி, ராமயோஹோ. கொஞ்சம் மிகையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

மேலே ப்⁴ என்று எழுதியிருப்பது ப வர்க்கத்தின் நாலாவது எழுத்து, மூச்சோடு வருவது. தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு நாகரியில் எழுதும்போது எந்த 'ப' என்ற குழப்பம் வரும். அதனால் ஒரு வரியைப் பாராமல் சொல்லி முடித்ததும் அதே வரியை நாகரியில் ஒரு தடவை கொப்பியில் எழுதுங்கள். நூறு தடவை எழுத வேண்டாம். அப்படி எழுதும்போது கை தனியே போகும், வாய் சும்மா இருக்கும்.

வேற்றுமை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

தமிழ்ப் பாடத்தில் படித்த எட்டு வேற்றுமையும் இதே ஒழுங்கில்தான் வருகின்றன: எழுவாய், ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி. ஆகவே வரிகள் வாயில் நின்றதும் ஒருமையை மட்டும் எடுத்துத் தமிழோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ராமம் ராமனை, ராமேண ராமனால், ராமாய ராமனுக்கு, ராமாத் ராமனிலிருந்து, ராமஸ்ய ராமனுடைய, ராமே ராமனிடத்தில்.

நாலாவது உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. நல்லூரிலோ உங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலிலோ அர்ச்சனை நடக்கும்போது 'ஸ்கந்தாய நம:', 'கணேசாய நம:' என்று குருக்கள் சொல்வதெல்லாம் நாலாம் வேற்றுமை ஒருமை. நம: என்ற சொல் வந்தால் வணங்கப்படுபவர் நாலாம் வேற்றுமையில் நிற்க வேண்டும். அம்மன் கோயிலில் 'துர்காயை நம:' என்று வருவது ஆகாரத்தில் முடியும் பெண்பால் சொல்லின் நாலாம் வேற்றுமை. அது வேறு சப்தம், பிறகு வரும்.

ஆனால் தமிழை முழுக்க நம்பிவிடவும் கூடாது. 'கோயிலுக்குப் போகிறான்' என்று நாங்கள் 'கு' போடுகிறோம். சமஸ்கிருதத்தில் போகும் இடம் பொதுவாக இரண்டாம் வேற்றுமையில் வரும்: தேவாலயம் கச்சதி. 'ராமனோடு' என்பதற்கு மூன்றாம் வேற்றுமையுடன் ஸஹ சேர வேண்டும்: ராமேண ஸஹ.

விரலில் ஏற்றுங்கள்

கட்டைவிரலை விட்டால் ஒவ்வொரு விரலிலும் மூன்று கணு இருக்கிறது. இடக்கையில் நாலு விரல், வலக்கையில் நாலு விரல். எட்டு வரி, வரிக்கு மூன்று உருவம், கணக்குச் சரி. சுட்டுவிரலில் தொடங்கி, கட்டைவிரலால் கணுவைத் தொட்டுக்கொண்டு சொல்லிப் பழகுங்கள். இடக்கை 1 முதல் 4 வரை, வலக்கை 5 முதல் 8 வரை.

இது நன்றாக ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் குறுக்கே கேட்க வேண்டும். 'ஆறாம் வேற்றுமை பன்மை?' வலக்கை நடுவிரல், மூன்றாவது கணு: ராமாணாம். 'மூன்றாம் வேற்றுமை இருமை?' இடக்கை மோதிரவிரல், நடுக்கணு: ராமாப்⁴யாம். பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, அந்த வரியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். 'த்ருதீயா' என்றதும் 'ராமேண' வாயில் வர வேண்டும். அதற்கு ஒரு சுற்று வேற்றுமைப் பெயரோடு சேர்த்தும் சொல்லுங்கள்: த்ருதீயா ராமேண, சதுர்த்தீ ராமாய, பஞ்சமீ ராமாத், ஷஷ்டீ ராமஸ்ய, ஸப்தமீ ராமே.

ராமனிலிருந்து மற்றச் சொற்களுக்கு

அகரத்தில் முடியும் ஆண்பாற் சொல் எல்லாம் இப்படித்தான் வரும் என்று ஆசிரியர் சொல்வார். உடனே பிள்ளை தேவ என்ற சொல்லுக்குத் 'தேவேண' என்று எழுதும். வரவேண்டியது தேவேன. ஆறாம் வேற்றுமைப் பன்மையும் தேவானாம். ராமேண என்பதில் ன வந்திருக்க வேண்டிய இடத்தில் ண வந்தது, முன்னால் ர இருப்பதால். ர், ருகாரம், ஷ் ஆகியவற்றில் ஒன்று அதே சொல்லில் முன்னால் இருந்தால் ன ணவாக மாறும். ஆகவே புத்ரேண, வ்ருக்ஷேண. கஜ என்பதில் அவை இல்லை, கஜேன.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளையும் விழும் ஒரு குழி இருக்கிறது. ரத என்ற சொல்லில் ர இருக்கிறதே, 'ரதேண' தானே? இல்லை, ரதேன. ர-வுக்கும் ன-வுக்கும் நடுவில் ச, ட, த வர்க்க எழுத்து ஏதாவது வந்தால் அந்த மாற்றம் அங்கேயே நின்றுவிடும். உயிரும், க வர்க்கமும், ப வர்க்கமும், ய, வ, ஹ-வும் வந்தால் நிற்காது. ராமேண என்பதில் நடுவில் ம தானே, அதனால் போனது. ன-வையும் ண-வையும் பிரித்துச் சொல்வது தமிழ் வாய்க்குக் கஷ்டமில்லை. எனவே ராமேண, தேவேன, புத்ரேண, ரதேன என்று இந்த நாலையும் ஒரு வரியாகச் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டால் காதே பிழையைப் பிடிக்கும்.

பல (பழம்) போன்ற, ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நபும்ஸகலிங்கச் சொற்களுக்குப் புதிதாகப் பாடமாக்க ஒரு வரிதான் உண்டு: பலம், பலே, பலானி. இரண்டாம் வேற்றுமையும் இதேதான். மூன்றிலிருந்து ஏழு வரை ராம மாதிரி.

வினைச்சொல்

நம் என்றால் வணங்கு. நிகழ்காலம் இப்படி:

நமதி, நமத:, நமந்தி
நமஸி, நமத²:, நமத²
நமாமி, நமாவ:, நமாம:

முதல் வரி அவன், இரண்டாவது நீ, மூன்றாவது நான். தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இது தலைகீழ். 'ப்ரதம புருஷன்' என்று கேட்டால் முதலாவது என்று எண்ணி நமாமி என்று எழுதிவிடும். ப்ரதமம் படர்க்கை, உத்தமம் தன்மை. இதைச் சொல்லி விளங்கவைப்பதோடு விடாமல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஸ:, த்வம், அஹம் என்று சேர்த்துச் சொல்ல வையுங்கள்: ஸ: நமதி, த்வம் நமஸி, அஹம் நமாமி.

அடுத்த சிக்கல் நமத: என்பதும் நமத²: என்பதும். முன்னையது 'அவர்கள் இருவர்', பின்னையது 'நீங்கள் இருவர்'. தமிழ் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும். உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வரியில் கையில் காற்றுப் படாவிட்டால் இன்னும் சரியாகவில்லை.

மூன்று வரியும் நின்றதும் பெயரையும் வினையையும் பொருத்தலாம். 'இரண்டு சிறுவர்கள் சிவனை வணங்குகிறார்கள்' என்பதை எடுப்போம். சிறுவன் பால. இருவர் என்பதால் எழுவாய் இருமை, ராமௌ போல பாலௌ. சிவனை என்பது இரண்டாம் வேற்றுமை, சிவம். வினை படர்க்கை இருமை, நமத:. விடை: பாலௌ சிவம் நமத:. தமிழில் 'சிறுவர்கள்', 'வணங்குகிறார்கள்' என்று இருப்பதைப் பார்த்துப் 'பாலா: நமந்தி' என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. ஆகவே வாக்கியத்தைக் கண்டதும் முதலில் எத்தனை பேர் என்று பென்சிலால் 1, 2, 3 என ஓரத்தில் போட்டுவிட்டு, அப்புறம் உருவத்தைத் தேடச் சொல்லுங்கள். எழுவாய்க்குப் போட்ட எண்ணே வினைக்கும் வர வேண்டும்.

இறந்தகாலத்தை (அநமத், அநமதாம், அநமன்) நிகழ்காலம் குறுக்கே கேட்டாலும் தடக்காமல் வந்த பிறகு தொடங்குங்கள். அதுவரை வேறு புத்தகத்தில் கண்டாலும் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.