சிறிய டிராக்டருக்கு மணி வாடகை: சும்மா நிற்கும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுவது எப்படி?

வாடகை கணக்கு பெரும்பாலும் டீசலில் தப்புவதில்லை. எத்தனை மணி நேரத்தால் வகுக்கிறோம் என்பதில்தான் தப்புகிறது. அதனால் முதலில் மணி நேரம்.

போன வருடம் வாடகை கைக்கு வந்த மணி நேரத்தை மட்டும் நோட்டில் இருந்து கூட்டுங்கள். மீட்டரைப் பார்த்து எழுத வேண்டாம். வயலுக்குப் போய்வந்த நேரமும் அதில் ஏறியிருக்கும். பழைய வண்டிகளில் மீட்டர் எஞ்சின் சுற்றோடு ஓடுவதால், மெதுவாக ஓட்டும்போது கடிகாரத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

ஒரு உதாரணம். ரோட்டவேட்டரோடு ஒரு சிறிய டிராக்டர், 90 நாள் வேலை, நாளுக்கு 5 மணி நேரம்: மொத்தம் 450. விலையெல்லாம் கணக்குக்காக நான் வைத்தது, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீசல்: காலையில் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, வேலை முடிந்ததும் அதே சமதளத்தில் நிறுத்தி மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். ஊற்றிய அளவுதான் அன்றைய செலவு. நாலைந்து நாள் பார்த்தால் சராசரி கிடைத்துவிடும். 5 மணி நேரத்துக்கு, பாதை ஓட்டமும் சேர்த்து, 22 லிட்டர் என்றால் மணிக்கு 4.4 லிட்டர். லிட்டர் 100 என்றால் 440.

டிரைவர்: நாள் கூலி 900. எட்டால் வகுத்து 112.50 என்று எழுதிவிடக் கூடாது. மழையில் வண்டி நின்ற 30 நாளுக்கும் கூலி கொடுத்திருந்தால் மொத்தம் 120 நாள், 1,08,000. அதை 450-ஆல் வகுத்தால் மணிக்கு 240. இரண்டு மடங்குக்கு மேல்!

தேய்மானம்: ரோட்டவேட்டர் பிளேடு ஒரு செட் 6,000, 150 மணி நேரம் உழைத்தால் 40. கல் நிலத்தில் இன்னும் சீக்கிரம் தேயும், அங்கே தனி ரேட் சொல்வதுதான் சரி. ஆயில், ஃபில்டர், டயர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 80. ஆக 120.

அப்புறம், வண்டி நின்றாலும் போகும் பணம். ரோட்டவேட்டரோடு வாங்கியது 6,00,000; பத்து வருடம் கழித்து 2,00,000-க்குப் போகும் என்றால் வருடத்துக்கு 40,000. வட்டி, இன்சூரன்ஸ், கொட்டகைக்கு 50,000. மொத்தம் 90,000, மணிக்கு 200. 600 மணி நேரம் ஓடும் என்று ஆசைப்பட்டு வகுத்திருந்தால் 150 தான் வந்திருக்கும். மணிக்கு 50 கையை விட்டுப் போயிருக்கும்.

கூட்டினால் சரியாக 1,000. இது அடக்க விலை. 15 சதவீதம் லாபம் வைத்தால் 1,150.

வேலை இல்லாத மாதத்தில் ஒருவர் குறைத்துக் கேட்டால்? டிரைவர் கூலி எப்படியும் போகிற நாள் என்றால், டீசலும் தேய்மானமும் சேர்ந்த 560-க்கு மேல் வருவதெல்லாம் கூலியிலும் வட்டியிலும் கொஞ்சத்தை ஈடுகட்டும். அதற்குக் கீழே கேட்டால் வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்துங்கள். உழவு சீசனில் மட்டும் அந்த 560-ஐ வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.